தை 1 முதல் 16 வரை: பஞ்சாங்கப் படத்திலிருந்து எடுத்து எழுதிய நாள்வரிசை

கொழிஞ்சாம்பாறை, மார்கழி 26, வெள்ளி

பெரியப்பா,

பொள்ளாச்சியில் தம்பி போனில் எடுத்து அனுப்பிய பஞ்சாங்கப் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கீழே ஒரு நாளுக்கு ஒரு வரியாக எழுதியிருக்கிறேன். குரோதி வருடம், தை மாதத் தேய்பிறைப் பக்கம். நட்சத்திரம், திதி, நல்ல நேரம் மூன்றும்தான் நீங்கள் கேட்டது. அதனால் யோகம், கரணம், லக்னப் பத்திகளை விட்டுவிட்டேன். பஞ்சாங்கத்தின் தலைப்பில் திருக்கணிதம் என்று இருக்கிறது. கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்தால் முடிவு நேரங்கள் வேறுபடும். இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று கலந்து பார்க்க வேண்டாம்.

வீட்டுச் சுவரில் மலையாளக் காலண்டர்தான் மாட்டியிருக்கிறது என்று தெரியும். இந்த மாதம் அதில் கஷ்டம் இல்லை. மகர சங்கராந்தி காலையிலேயே வந்துவிடுவதால் தை 1, கொல்லம் 1200 மகரம் 1 இரண்டும் ஒரே நாள், ஜனவரி 14. எல்லா மாதமும் இப்படி அமையாது. நம் கணக்கில் சங்கராந்தி அஸ்தமனத்துக்குள் வந்தால் அன்றே மாதம் பிறக்கும். கேரளக் கணக்கில் பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள் வர வேண்டும். பிற்பகலில் விழும் மாதங்களில் ஒரு நாள் தள்ளிப்போகும். இந்தப் பட்டியலுக்கு மட்டும் தை எண்ணையே மகர எண்ணாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரியும் சூரிய உதயத்தில் தொடங்கி மறுநாள் உதயத்தில் முடிகிறது. பின்னிரவு என்று போட்டிருந்தால் அந்தத் தேதியின் இரவு தாண்டி, விடிவதற்கு முந்திய நேரம். (கணக்கு) என்று இருந்தால் படத்தில் எழுத்து தெளிவில்லை, பக்கத்து நாழிகைப் பத்தியை வைத்து நான் கண்டுபிடித்தது.

| நாள் | நட்சத்திரம் | திதி | நல்ல நேரம் |
|---|---|---|---|
| தை 1, ஜன. 14, செவ்வாய் | புனர்பூசம் காலை 10.17 வரை, பிறகு பூசம் | பிரதமை பின்னிரவு 3.21 வரை | காலை 7.30–8.30, மாலை 4.30–5.30 |
| தை 2, ஜன. 15, புதன் | பூசம் காலை 10.28 வரை, பிறகு ஆயில்யம் | துவிதியை பின்னிரவு 3.23 வரை | காலை 9.30–10.30, மாலை 4.30–5.30 |
| தை 3, ஜன. 16, வியாழன் | ஆயில்யம் பகல் 11.16 வரை, பிறகு மகம் | திருதியை பின்னிரவு 4.06 வரை | காலை 10.30–11.30, பகல் 12.30–1.30 |
| தை 4, ஜன. 17, வெள்ளி | மகம் பகல் 12.45 வரை, பிறகு பூரம் | சதுர்த்தி பின்னிரவு 5.30 வரை, சங்கடஹர சதுர்த்தி | காலை 9.30–10.30, மாலை 4.30–5.30 |
| தை 5, ஜன. 18, சனி | பூரம் பகல் 2.51 வரை (கணக்கு), பிறகு உத்திரம் | பஞ்சமி நாள் முழுவதும் | காலை 7.30–8.30, மாலை 4.30–5.30 |
| தை 6, ஜன. 19, ஞாயிறு | உத்திரம் மாலை 5.30 வரை, பிறகு அஸ்தம் | பஞ்சமி காலை 7.30 வரை, பிறகு சஷ்டி | காலை 7.30–8.30, மாலை 3.30–4.30 |
| தை 7, ஜன. 20, திங்கள் | அஸ்தம் இரவு 8.30 வரை, பிறகு சித்திரை | சஷ்டி காலை 9.58 வரை, பிறகு சப்தமி | காலை 6.30–7.30, மாலை 4.30–5.30 |
| தை 8, ஜன. 21, செவ்வாய் | சித்திரை இரவு 11.36 வரை, பிறகு சுவாதி | சப்தமி பகல் 12.39 வரை (கணக்கு), பிறகு அஷ்டமி | காலை 7.30–8.30, மாலை 4.30–5.30 |
| தை 9, ஜன. 22, புதன் | சுவாதி பின்னிரவு 2.34 வரை, பிறகு விசாகம் | அஷ்டமி பகல் 3.18 வரை, பிறகு நவமி | காலை 9.30–10.30, மாலை 4.30–5.30 |
| தை 10, ஜன. 23, வியாழன் | விசாகம் பின்னிரவு 5.08 வரை, பிறகு அனுஷம் | நவமி மாலை 5.37 வரை, பிறகு தசமி | காலை 10.30–11.30, பகல் 12.30–1.30 |
| தை 11, ஜன. 24, வெள்ளி | அனுஷம் நாள் முழுவதும் | தசமி இரவு 7.25 வரை, பிறகு ஏகாதசி | காலை 9.30–10.30, மாலை 4.30–5.30 |
| தை 12, ஜன. 25, சனி | அனுஷம் காலை 7.07 வரை (கணக்கு), பிறகு கேட்டை | ஏகாதசி இரவு 8.31 வரை, பிறகு துவாதசி | காலை 7.30–8.30, மாலை 4.30–5.30 |
| தை 13, ஜன. 26, ஞாயிறு | கேட்டை காலை 8.26 வரை, பிறகு மூலம் | துவாதசி இரவு 8.54 வரை, பிறகு திரயோதசி | காலை 7.30–8.30, மாலை 3.30–4.30 |
| தை 14, ஜன. 27, திங்கள் | மூலம் காலை 9.02 வரை, பிறகு பூராடம் | திரயோதசி இரவு 8.34 வரை, பிரதோஷம் | காலை 6.30–7.30, மாலை 4.30–5.30 |
| தை 15, ஜன. 28, செவ்வாய் | பூராடம் காலை 8.58 வரை, பிறகு உத்திராடம் | சதுர்த்தசி இரவு 7.35 வரை, பிறகு அமாவாசை | காலை 7.30–8.30, மாலை 4.30–5.30 |
| தை 16, ஜன. 29, புதன் | உத்திராடம் காலை 8.20 வரை, பிறகு திருவோணம் | அமாவாசை மாலை 6.05 வரை, தை அமாவாசை | காலை 9.30–10.30, மாலை 4.30–5.30 |

ராகு காலமும் எமகண்டமும் கிழமைப்படி வருவதால், வாரத்துக்கு வாரம் மாறாது என்பதால் வரிக்கு வரி எழுதவில்லை. ராகு காலம்: ஞாயிறு 4.30–6, திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, வெள்ளி 10.30–12, சனி 9–10.30. எமகண்டம்: ஞாயிறு 12–1.30, திங்கள் 10.30–12, செவ்வாய் 9–10.30, புதன் 7.30–9, வியாழன் 6–7.30, வெள்ளி 3–4.30, சனி 1.30–3.

இனி நான் எங்கெல்லாம் தடுமாறினேன் என்று சொல்லிவிடுகிறேன். நாள் குறிப்பது நீங்கள். எது அச்சில் உள்ளது, எது என் கணக்கு என்று தெரியாமல் நீங்கள் குறிக்கக் கூடாது.

படத்தில் நட்சத்திரப் பெயர்கள் முழுதாக இல்லை. இடம் போதாமல் “பூ” என்று மட்டும் மூன்று வரியில் அச்சிட்டிருக்கிறார்கள்: தை 2, தை 5, தை 15. பூசம், பூரம், பூராடம் மூன்றுக்கும் அதே எழுத்துதான். முன்னும் பின்னும் வருவதை வைத்துத்தான் பிரித்தேன். புனர்பூசத்தை அடுத்தது பூசம், மகத்தை அடுத்தது பூரம், மூலத்தை அடுத்தது பூராடம். “உத்” என்று தை 6-லும் தை 16-லும் இருப்பதும் அப்படியே உத்திரம், உத்திராடம். திதியில் “ச” என்று நான்கு இடம். சதுர்த்தி, சஷ்டி, சப்தமி, சதுர்த்தசி என்று வரிசை எண்ணி எழுதினேன். இதைத் தனித்தனி வரியாக எடுத்துப் படித்தால் யாருக்கும் தப்பும். வரிசையாகப் படித்தால் தப்பவே தப்பாது.

தை 5-ல் பக்கம் மடிந்த கோடு சரியாக மணிப் பத்தியின் மேல் போகிறது. “2.5” வரை தெரிகிறது, கடைசி இலக்கம் மடிப்புக்குள். பக்கத்தில் நாழிகை 20.37 என்று சுத்தமாக இருக்கிறது. ஒரு நாழிகை 24 நிமிஷம், 20 நாழிகை 480 நிமிஷம். 37 விநாழிகை கிட்டத்தட்ட 15 நிமிஷம். மொத்தம் 8 மணி 15 நிமிஷம். அன்றைக்கு உதயம் 6.36 என்று போட்டிருக்கிறார்கள், ஆக 2.51. தை 8-ல் தம்பியின் விரல் நிழல் விழுந்திருக்கிறது. அங்கே நாழிகை 15.05, உதயம் 6.37, அதனால் சப்தமி முடிவு 12.39. தை 12-ல் அனுஷம் முடிவு 1.07 போலவும் தெரிந்தது, 7.07 போலவும் தெரிந்தது. நாழிகை 1.15 என்றால் உதயத்துக்கு அரை மணி கழித்து, அதாவது 7.07. பகல் ஒரு மணியாக இருக்கவே முடியாது.

இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அப்போது நம் ஊர் உதயத்தைச் சேர்த்துவிடாதீர்கள், பெரியப்பா. பஞ்சாங்கம் சென்னை உதயத்துக்குப் போட்டது. இங்கே பத்து நிமிஷம் போலப் பிந்தித்தான் விடியும். நாழிகை அச்சிட்ட ஊரின் உதயத்திலிருந்து எண்ணுவது. ஆனால் நட்சத்திரமும் திதியும் முடியும் கடிகார நேரம் சென்னைக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் ஒன்றேதான். நம் உதயத்தோடு கூட்டினால் ஒவ்வொரு வரியும் பத்து நிமிஷம் பிசகும்.

முதலில் தம்பி ஒரு தாளில் எழுதி அனுப்பியதில் தை 9, சுவாதி 2.34 என்பதை மறுநாள் வியாழனில் சேர்த்துவிட்டான். கடிகாரப்படி ஜனவரி 23 பிறந்துவிட்டதே என்பது அவன் வாதம். பஞ்சாங்கத்தில் அது 49.52 நாழிகை, புதன்கிழமை உதயத்திலிருந்து எண்ணியது. வியாழன் விடியும்போது விசாகம்தான். அவன் தாளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

நிலை வைக்க நீங்கள் மனதில் வைத்திருந்த தை 11 வெள்ளியை இரண்டு தடவை சரிபார்த்தேன். அனுஷம் விடிந்ததிலிருந்து மறுநாள் காலை வரை இருக்கிறது, தசமி இரவு 7.25 வரை. காலை நல்ல நேரம் 10.30-க்கு முடிந்தவுடன் ராகு காலம் தொடங்குகிறது, இடைவெளியே இல்லை. ஆசாரியை ஒன்பது மணிக்கே வரச் சொல்லிவிடுங்கள். முந்திய நாள் வியாழன் சௌகரியம் என்று பெரியம்மா சொன்னார்கள். அன்று மாலை 5.37 வரை நவமி. அதை ஜோசியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தை அமாவாசைத் தர்ப்பணம் புதன் காலையில்தான். அமாவாசை செவ்வாய் இரவே தொடங்கிவிடுகிறது என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். புதன் உதயத்திலும் பகல் முழுக்கவும் அமாவாசைதான்.

மருமகளுக்குக் காட்டும்போது பெயர்களையும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். புனர்பூசம் மலையாளத்தில் புணர்தம், பூசம் பூயம், அஸ்தம் அத்தம், சுவாதி சோதி, அனுஷம் அனிழம், கேட்டை திருக்கேட்டை. மற்றவை சொன்னாலே புரியும்.

படம் தை 16-ஓடு முடிகிறது. வளர்பிறைப் பக்கத்தைத் தம்பி எடுக்கவில்லை. நாளை அவனைப் புத்தகத்தைத் திண்ணையில் மடிப்பில்லாமல் விரித்து, பகல் வெளிச்சத்தில், நாழிகைப் பத்தியும் உள்ளே வரும்படி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் தை 17 முதல் மிச்சத்தையும் எழுதித் தருகிறேன்.