பொருள்: சம்பள உயர்வு கோரிக்கை

மேலாளர் அவர்களுக்கு வணக்கம்.

என் சம்பளத்தைப் பற்றி உங்களிடம் நேராகவே கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கடந்த 14 மாதங்களாகச் சம்பளம் மாறவில்லை. வேலை நிறையவே மாறிவிட்டது.

முக்கியமாக, தவறான பொருள் போய்த் திரும்பி வரும் பிரச்சினை. சென்ற ஆண்டு மாதத்துக்கு 40 பார்சல் வரை திரும்பின. பெட்டியை ஒட்டுவதற்கு முன் பில்லையும் பொருளையும் இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கத்தை நான் கொண்டுவந்தேன். முதல் 2 வாரம் வேலை மெதுவானது உண்மை. அப்புறம் எல்லோருக்கும் கை பழகிவிட்டது. கடந்த 5 மாதங்களில் எந்த மாதமும் 11 பார்சலுக்கு மேல் திரும்பவில்லை. பதிவேட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர் மார்ச்சில் விலகிய பிறகு அவருடைய பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. 6 பேருக்கு ஷிப்ட் போடுவது, புதியவர்களுக்குப் பயிற்சி, மாதக் கடைசி இருப்புக் கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். இந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, தொடரவே விரும்புகிறேன்.

ஆகவே அடிப்படைச் சம்பளத்தில் 18 சதவீத உயர்வும் மேற்பார்வையாளர் பதவியும் கேட்கிறேன். ஒரே தடவையில் முடியாது என்றால் 2 கட்டமாகத் தந்தாலும் சரி. தேதியை மட்டும் எழுத்தில் குறிப்பிட்டுத் தாருங்கள்.

வியாழக்கிழமை காலை 20 நிமிடம் ஒதுக்க முடியுமா?

நன்றியுடன்,
மூத்த உதவியாளர், சரக்கு அனுப்பும் பிரிவு