பொருள்: சப்ளையர் பேமென்ட் லைவில் மட்டும் 403 என்று நிற்பது பற்றி

வணக்கம் முருகேசன் சார்,

டெஸ்டில் ஒழுங்காகப் போகிற பேமென்ட் லைவில் மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்று நேற்று கேட்டிருந்தீர்கள். காரணம் பிடிபட்டுவிட்டது. கோடிலும் கோளாறு இல்லை, கீயும் சரிதான். பேமென்ட் நிறுவனத்தின் அனுமதிப் பட்டியலில் நம் சர்வரின் ஐபி முகவரி இல்லை. அதற்குப் பதில் வேறொரு முகவரி இருக்கிறது.

சர்வரிலிருந்தே, ஒரே லைவ் கீயை வைத்து இரண்டு கால் போட்டுப் பார்த்தேன்:

```
GET  /v1/balance  -> 200 OK
POST /v1/payouts  -> 403 Forbidden
```

கணக்கில் இருக்கும் தொகை சரியாக வந்தது. கீ தப்பாக இருந்தால் அதுவே வந்திருக்காது, 401 என்று திரும்பியிருக்கும். 403 வந்தால், கேட்பது யாரென்று அவர்களுக்குத் தெரிகிறது, இந்த வேலைக்கு மட்டும் அனுமதி தரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பணம் வெளியே போகிற கால்களுக்கு மட்டும், அது எந்த ஐபியிலிருந்து வருகிறது என்று பார்க்கிறார்கள். டெஸ்ட் நடக்கும் சாண்ட்பாக்ஸில் நிஜப் பணம் இல்லாததால் அந்தச் சோதனையே கிடையாது. அதனால்தான் அங்கே எத்தனை முறை போட்டாலும் பாஸ் ஆனது.

உங்கள் அக்கவுண்டன்ட் பட்டியலில் சேர்த்திருப்பது, வெப்சைட் பெயரை பிங் செய்தால் வருகிற முகவரி. அது சைட்டுக்கு முன்னால் இருக்கும் சிடிஎன்னுடையது. வாடிக்கையாளர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். ஆனால் சர்வர் வெளியே பேசும்போது தன் சொந்த முகவரியிலிருந்து பேசுகிறது. அதை சர்வரிலேயே பார்த்து எடுத்தேன்:

```
$ curl -4 https://ifconfig.me
203.0.113.24
```

டாஷ்போர்டில் அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலில் இதைச் சேர்த்து, பழையதை நீக்கிவிடுங்கள். ஓடிபி உங்கள் ஃபோனுக்குத்தான் வரும், அதனால் இதை நீங்களே செய்தால்தான் நடக்கும். ஓடிபியை எனக்கு அனுப்ப வேண்டாம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, எல்லா முகவரிகளையும் அனுமதித்துவிடும் `0.0.0.0/0` போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கீ எப்போதாவது வெளியே கசிந்தால், உங்கள் பணத்தைக் காப்பாற்ற மிஞ்சுவது இந்தப் பட்டியல் ஒன்றுதான்.

நிலுவையில் இருக்கும் நூல், பட்டன் சப்ளையர்களின் தொகை எதுவும் கணக்கிலிருந்து போகவில்லை. பேமென்ட் பதிவாகும் முன்பே மறுத்துவிட்டார்கள். டாஷ்போர்டிலும் லைவ் பேமென்ட் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் யாருக்கும் இரண்டு முறை போய்விடக் கூடாது என்பதற்காக ஆட்டோமேட்டிக் ரீட்ரையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஐபி சேர்த்ததும் ஒரு மெசேஜ் போடுங்கள். முதலில் உங்கள் சொந்தக் கணக்குக்கு 1 ரூபாய் அனுப்பிப் பார்ப்போம். அது வந்து சேர்ந்த பிறகே சப்ளையர் பட்டியலைத் திறந்துவிடுகிறேன். இன்னொன்று, ஹோஸ்டிங் மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மாற்றினால் இந்த முகவரியும் மாறும், லைவில் திரும்பவும் 403 வரும். மாற்றும் தேதியை எனக்கு முன்பே சொல்லிவிடுங்கள், புது முகவரியை அன்றைக்கே எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கார்த்திகா