எல்பி ஊடகத்தில் ஈ. கோலையின் வளர்ச்சி வளைவு: ஓ.டி. அளவுகளிலிருந்து நிலைகளைப் பிரித்தறிதல்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல், ஆய்வகப் பதிவேடு

எடுத்துக்கொண்ட வேலை

ஈ. கோலை கே-12 எம்ஜி1655 வகையை 37 டிகிரி செல்சியஸில் எல்பி ஊடகத்தில் எட்டு மணி நேரம் வளர்த்து, 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை ஓ.டி. என்ற அளவாக அளந்து, அந்த எண்களைக் கொண்டே லேக் எனப்படும் தாமத நிலை, எக்ஸ்போனென்ஷியல் எனப்படும் அடுக்கு வளர்ச்சி நிலை, ஸ்டேஷனரி எனப்படும் தேக்க நிலை ஆகிய மூன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சொல்ல வேண்டும். வளைவின் வடிவத்தைக் கண்ணால் பார்த்து எல்லை வகுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு கணக்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

செய்த முறை

முந்தைய நாள் மாலை ஒற்றைக் காலனியிலிருந்து 5 மி.லி. எல்பியில் கிருமியை ஏற்றி, இரவு முழுதும் குலுக்கியில் வைத்தோம். காலையில் அந்த வளர்ப்பின் ஓ.டி., நீர்த்து அளந்தபோது, 4.1. அதிலிருந்து 0.5 மி.லி. எடுத்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருந்த 50 மி.லி. புதிய எல்பியில் சேர்த்தோம். குடுவை 250 மி.லி. கொள்ளளவு உடையது. காற்று நன்றாகக் கலப்பதற்காக ஐந்தில் ஒரு பங்குதான் நிரப்பினோம். குலுக்கியின் வேகம் நிமிடத்திற்கு 180 சுற்று.

முதல் மூன்று மணி நேரம் 20 நிமிடத்திற்கு ஒருமுறையும், அதன்பின் இடைவெளியைக் கூட்டியும் 1 மி.லி. மாதிரி எடுத்தோம். ஊடகம் மஞ்சள் நிறமானது. ஆகவே கருவியைத் தண்ணீரில் வைத்துச் சுழியாக்காமல், கிருமி சேர்க்காத எல்பியில் வைத்தே சுழியாக்கினோம். மாதிரியை நீர்க்கவும் அதே எல்பிதான்.

நீர்த்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஓ.டி. என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி, உறிஞ்சப்பட்ட ஒளி அல்ல. செல்கள் சிதறடித்ததால் உணர்கருவியை வந்து சேராத ஒளி. செல்கள் நெருங்கும்போது, ஒரு செல் சிதறடித்த ஒளியை மற்றொன்று மீண்டும் சிதறடித்து, அதில் ஒரு பகுதியை உணர்கருவியின் பக்கமே திருப்பி அனுப்பிவிடும். அதனால் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எங்கள் கருவியில் 0.4 வரை கணக்கு நேர்க்கோட்டில் போகிறது. அதைத் தாண்டிய மாதிரிகளை, 120-ஆம் நிமிடத்தில் நான்கு மடங்கும் அதன்பின் பத்து மடங்கும் நீர்த்து, படித்த எண்ணை அதே மடங்கால் பெருக்கினோம்.

பதிவான அளவுகள்

| நேரம் (நிமிடம்) | திருத்திய ஓ.டி. | முந்தைய அளவோடு விகிதம் |
|---|---|---|
| 0 | 0.041 | – |
| 20 | 0.043 | 1.05 |
| 40 | 0.052 | 1.21 |
| 60 | 0.088 | 1.69 |
| 80 | 0.172 | 1.95 |
| 100 | 0.338 | 1.97 |
| 120 | 0.656 | 1.94 |
| 140 | 1.16 | 1.77 |
| 160 | 1.75 | 1.51 |
| 180 | 2.35 | 1.34 |
| 210 | 2.95 | 1.26 |
| 240 | 3.41 | 1.16 |
| 300 | 3.86 | 1.13 |
| 360 | 4.02 | 1.04 |
| 420 | 4.05 | 1.01 |
| 480 | 4.03 | 1.00 |

180-ஆம் நிமிடத்திற்குப் பிறகு இடைவெளி 30, பின்னர் 60 நிமிடமாக நீள்கிறது. மூன்றாம் பத்தியைப் படிக்கும்போது இதை மனதில் கொள்ள வேண்டும்: 240-க்கும் 300-க்கும் இடையே உள்ள 1.13 ஒரு மணி நேர வளர்ச்சி. 20 நிமிட வளர்ச்சி அல்ல.

வளைவின் வடிவம்

நேரத்தை கிடை அச்சிலும் ஓ.டி.யின் இயல் மடக்கையை செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தோம். தொடக்கத்தில் கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. 20-ஆம் நிமிடத்திற்கு மேல் மெல்ல வளைந்து எழுந்து, 60-இல் நேர்க்கோடாகிறது. 60, 80, 100, 120 ஆகிய நான்கு புள்ளிகளும் அளவுகோல் வைத்தாற்போல ஒரே சாய்வில் நிற்கின்றன. 140-ஆம் நிமிடப் புள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அங்கிருந்து சாய்வு விடாமல் குறைந்துகொண்டே போய், ஆறாம் மணிக்கு மேல் கோடு மறுபடியும் கிடையாகிவிடுகிறது.

தாமத நிலை

முதல் 20 நிமிடத்தில் ஓ.டி. 0.041-இலிருந்து 0.043 ஆனது. எங்கள் கருவியில் இவ்வளவு தாழ்ந்த அளவுகளில் 0.002 வேறுபாடு பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். எனவே இதை வளர்ச்சி என்று எழுத முடியாது. 40-ஆம் நிமிடத்தில் 0.052 வந்தது பிழையல்ல, உண்மையான உயர்வு. ஆனாலும் 60-ஆம் நிமிடம் வரை விகிதம் இன்னும் ஏறிக்கொண்டே இருப்பதால், முழு வேகம் வரவில்லை என்பது தெளிவு.

தாமத நிலையின் நீளத்தைச் சொல்ல, அடுக்கு வளர்ச்சிக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, அது தொடக்க ஓ.டி.யின் மட்டத்தை எங்கே தொடுகிறது என்று பார்த்தோம். அது 37-ஆம் நிமிடம். எனவே தாமத நிலை 37 நிமிடம் என்று பதிவு செய்கிறோம். 37 முதல் 60 வரை உள்ள வளைவு அடுத்த நிலைக்கான மாறுகாலம்.

செல்கள் இந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. இரவெல்லாம் தேக்க நிலையில் கிடந்து சிறுத்துப்போனவை, புதிய ஊடகம் கிடைத்ததும் ரைபோசோம்களைக் கட்டுகின்றன, நொதிகளை உருவாக்குகின்றன, உருவத்தில் பெரிதாகின்றன. பெரிய செல் அதிக ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே 40-ஆம் நிமிடத்தில் கண்ட உயர்வில் ஒரு பங்கு, செல்கள் பிளவுபடாமலேயே வந்திருக்கலாம். அகார் தட்டில் காலனி எண்ணியிருந்தால் தாமத நிலை இன்னும் சற்று நீண்டதாகத் தெரிந்திருக்கும்.

அடுக்கு வளர்ச்சி நிலை

60 முதல் 120 நிமிடம் வரை. அடுத்தடுத்த மூன்று விகிதங்களும் 1.95, 1.97, 1.94 என்று பிழை எல்லைக்குள் மாறாமல் இருப்பதே இதற்குச் சான்று. எவ்வளவு கூடியது என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எத்தனை மடங்கானது என்பது மாறவில்லை. இதிலிருந்து வளர்ச்சி வேகம் μ-வையும் இரட்டிப்பு நேரம் td-யையும் கணக்கிட்டோம்.

```
μ  = ln(0.656 / 0.088) / 60 = 2.009 / 60 = 0.0335 /min
td = ln 2 / μ = 0.693 / 0.0335 = 20.7 min
```

இரட்டிப்பு நேரம் 20.7 நிமிடம். 37 டிகிரியில் எல்பியில் வளரும் ஈ. கோலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 20 நிமிடத்தோடு இது ஒத்துப்போகிறது.

நேர்க்கோடு 120-உடன் முடிகிறது என்று நாங்கள் வகுத்ததற்குக் காரணம்: 120-க்கும் 140-க்கும் இடையே இரட்டிப்பு நேரம் 24.3 நிமிடமாகிறது, அடுத்த 20 நிமிடத்தில் 33.7, அதற்கடுத்து 47.0. இது வளர்ச்சி தளரத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம். எல்பியில் ஓ.டி. 0.3-ஐ ஒட்டியே சீரான வளர்ச்சி முடிந்துவிடுகிறது என்று 2007-இல் ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜியில் வந்த ஆய்வு காட்டியது. எங்கள் கடைசி விகிதமான 1.94-இல் அந்தத் தளர்ச்சி தொடங்கியிருக்கவும் கூடும். 20 நிமிட இடைவெளியில் அது தெரியாது. சீரான வளர்ச்சி கட்டாயம் வேண்டிய சோதனைக்கு 100-ஆம் நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

சாதாரண அச்சில் வரைந்திருந்தால் இந்த எல்லை முழுக்கத் தவறிப்போயிருக்கும். அந்தப் படத்தில் வளைவு மிகச் செங்குத்தாக ஏறுவது 140-க்கும் 180-க்கும் இடையில்: இருபதே நிமிடத்தில் 0.59, அடுத்த இருபதில் 0.60. பார்த்தவுடன் ‘இதுதான் உச்ச வேகம்’ என்று கை அங்கேதான் போகும். ஆனால் ஒரு செல்லுக்கான வளர்ச்சி வேகம் அந்த நேரத்தில் பாதியும் அதற்குக் கீழும் இறங்கிக்கொண்டிருக்கிறது. செல்கள் அதிகமாக இருப்பதால் மொத்தக் கூடுதல் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தாமத நிலையும் அதே படத்தில் 80 நிமிடம் வரை நீண்டதுபோல் தோன்றும். உண்மையில் 80-ஆம் நிமிடத்தில் செல்கள் முழு வேகத்தில் இரட்டிப்பாகிக்கொண்டிருந்தன.

தேக்க நிலை

120-இலிருந்து 360 வரை உள்ள நான்கு மணி நேரத்தை எந்த நிலையிலும் சேர்க்காமல், வேகம் குறையும் மாறுகாலம் என்றே எழுதுகிறோம். இதை அடுக்கு வளர்ச்சியோடு சேர்த்துக் கணக்கிட்டால் இரட்டிப்பு நேரம் பொய்யாக நீண்டுவிடும். தேக்க நிலை 360-இல் தொடங்குகிறது: 4.02, 4.05, 4.03 ஆகிய மூன்று அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, பத்து மடங்கு நீர்த்துப் பெருக்கியதால் வரும் பிழையைவிடப் பெரிதல்ல.

நீர்க்காமல் படித்த எண்களையும் சோதனைக்காகக் குறித்துவைத்தோம். 240-ஆம் நிமிடத்தில் 1.89, 480-இல் 2.02. அவற்றை நம்பியிருந்தால் நான்காம் மணியிலேயே தேக்க நிலை வந்துவிட்டது என்று எழுதியிருப்போம். உண்மையில் அதன்பிறகும் ஓ.டி. 3.41-இலிருந்து 4.03 வரை, அதாவது 18 விழுக்காடு, உயர்ந்திருக்கிறது. அந்தப் போலித் தட்டை கருவியுடையது, கிருமியுடையது அல்ல.

தேக்கத்திற்குக் காரணம் இடநெருக்கடி அல்ல. எல்பியில் சர்க்கரை மிகக் குறைவு. கிருமி பெரும்பாலும் அமினோ அமிலங்களையே கார்பனுக்காக எரிக்கிறது. அவை தீரும்போது வேகம் குறைகிறது. அமினோ அமிலங்கள் எரிவதால் அம்மோனியா வெளியேறி ஊடகம் காரமாகும். எங்கள் குடுவையில் தொடக்கத்தில் 6.9 ஆக இருந்த பிஎச் மதிப்பு எட்டாம் மணியில் 8.2 ஆனது. இந்த வளர்ப்பு வந்து நின்ற 4.03-உம், முந்தைய இரவின் வளர்ப்பு எட்டியிருந்த 4.1-உம் ஏறக்குறைய ஒன்றே. நூறில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி 6.6 முறை இரட்டித்து அதே இடத்திற்கு வந்திருக்கிறது. எங்கே நிற்பது என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இந்தச் சோதனையில் இல்லை. அந்த 6.6-இல் அடுக்கு வளர்ச்சி நிலைக்குள் நடந்தது 2.9 மட்டுமே.

பெயரிடாமல் விட்டது

இறப்பு நிலையை இந்த வளைவில் நாங்கள் குறிக்கவில்லை. 4.05-இலிருந்து 4.03-க்கு இறங்கியதை இறப்பு என்று எழுத இடமில்லை. இறந்த செல்லும் உடையாமல் இருக்கும்வரை உயிருள்ள செல்லைப் போலவே ஒளியைச் சிதறடிக்கும், ஆகவே ஓ.டி. மாறாமல் நிற்கும்போதே உயிருள்ள செல்களின் எண்ணிக்கை விழலாம். அதை அறிய மாதிரியைப் படிப்படியாக நீர்த்து, அகார் தட்டில் பரப்பி, காலனிகளை எண்ண வேண்டும். அதேபோல, தேக்க நிலையில் பிளவு முற்றிலும் நின்றதா, பிளவும் இறப்பும் சரிக்குச் சரியா என்பதையும் கலங்கல் அளவு பிரித்துச் சொல்லாது.

இதே வகையில் இதே ஊடகத்தில் டிஎன்ஏ ஏற்கும் செல்கள் தயாரிக்க விரும்புவோர், 1:100 ஏற்றினால், அதற்கு வேண்டிய ஓ.டி. 0.35-ஐ 100-ஆம் நிமிடத்தைத் தாண்டியவுடனேயே எதிர்பார்க்கலாம். 90-ஆம் நிமிடத்திலிருந்தே ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து, பனிக்கட்டியைத் தயாராக வைத்திருக்கவும்.