உவர்மலை சனிக்கிழமை வகுப்பு: ஐந்து நோயாளிகள், ஐந்து கேள்விகள்

தம்பி, தங்கச்சிமார்,

கேள்விகள் 5. நேரம் 8 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள் உண்டு, மிகச் சிறந்த விடை ஒன்றுதான். மற்ற நான்கிலும் ஓரளவு நியாயம் இருக்கலாம். அதனால் "இதுவும் சரிதானே" என்று வாதாட வரவேண்டாம். "இந்த நோயாளிக்கு இதைவிட அது ஏன் மேல்?" என்று கேட்டு வாருங்கள்.

தெரிவுகளைக் கையால் மூடிவிட்டு, கதையின் கடைசியில் தனியாக உள்ள கேள்வி வரியை முதலில் வாசியுங்கள். பிறகு கதையை வாசித்து, உங்கள் விடையை ஓரத்தில் எழுதுங்கள். அதன் பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தபின் உங்கள் விடை அங்கே இல்லையென்றால், ஒன்றில் நீங்கள் கதையைத் தவறவிட்டிருக்கிறீர்கள், அல்லது நான் கேள்வியைப் பிழையாக எழுதியிருக்கிறேன். இரண்டையும் எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் பரீட்சை ஆங்கிலத்தில் வரும். இவற்றைத் தமிழில் எழுதியதற்குக் காரணம், கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வருகிற நோயாளி தன் வருத்தத்தைத் தமிழில்தான் சொல்கிறார். ஐந்து கதைகளிலும் நோயாளியோ வீட்டாரோ சொன்ன ஒரு சொல்லை அப்படியே வைத்திருக்கிறேன். அதைப் பரிசோதனை அறிக்கைக்குச் சமமாக மதித்து வாசியுங்கள்.

கேள்வி 1

தம்பலகாமத்தைச் சேர்ந்த 38 வயது விவசாயி, வயலோரக் குடிலில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அதிகாலை 2 மணிக்குக் கடுமையான வயிற்றுவலியோடு எழும்பினார், இரண்டு முறை வாந்தி எடுத்தார். காலை 6 மணிக்கு, "கண்ணைத் திறக்கேலாமக் கிடக்கு, ஆள் ரெண்டாத் தெரியுது" என்றார். பாம்பு எதையும் அவர் காணவில்லை. இரு இமைகளும் தொங்கியுள்ளன. வலது கைவிரலில் இரண்டு சிறு புள்ளிகள் இருக்கின்றன. வீக்கமோ நோவோ இல்லை. 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையில் இரத்தம் நன்றாக உறைந்தது. சிறுநீர் தெளிவாக உள்ளது.

இவரைக் கடித்திருக்க மிகவும் சாத்தியமான பாம்பு எது?

அ) கடற்பாம்பு
ஆ) கண்ணாடி விரியன்
இ) கட்டுவிரியன்
ஈ) சுருட்டை விரியன்
உ) நாகபாம்பு

கேள்வி 2

29 வயது இளைஞர் குச்சவெளிக் கடலில் கடலட்டை பிடிப்பவர். காற்றுச் சிலிண்டருடன் காலையிலிருந்து நான்கு முறை ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்துக்கு இறங்கினார். கடைசி முறை சிலிண்டர் முடியப்போகிறது என்று அவசரமாக மேலே வந்தார். படகில் ஏறி 20 நிமிடத்தில் தோள்மூட்டு வலித்தது. பிறகு, "கால் ரெண்டும் என்ர கால் மாதிரி இல்லை" என்றார். சிறுநீர் கழிக்க முடியவில்லை. நாடித்துடிப்பு 92, இரத்த அழுத்தம் 124/78. நல்ல உணர்வோடு இருக்கிறார். இரு கால்களிலும் பலம் குறைவு, தொப்புளுக்குக் கீழே தொடுவுணர்வு குறைவு. அழுத்த அறைச் சிகிச்சைக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது.

அதற்கிடையில் உடனடியாகச் செய்ய வேண்டிய மிகச் சிறந்த சிகிச்சை எது?

அ) டைக்ளோபெனாக் ஊசி
ஆ) படுக்கவைத்து 100% ஒட்சிசன்
இ) மீண்டும் கடலில் இறக்கி மெதுவாக மேலே கொண்டுவருதல்
ஈ) மெதில்பிரெட்னிசலோன் ஊசி
உ) ஹெப்பாரின் ஊசி

கேள்வி 3

மூதூரைச் சேர்ந்த 22 வயதுப் பெண், முதல் கர்ப்பம், 34 வாரம். இரண்டு நாளாகத் தலையிடி. "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு" என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கால் வீக்கம் எல்லோருக்கும் வருவதுதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். வாட்டில் சேர்க்கும்போது உடல் முழுவதும் ஒரு நிமிடம் வலிப்பு வந்து தானாக நின்றது. இப்போது இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து ஒட்சிசன் கொடுக்கப்படுகிறது. இரத்த அழுத்தம் 168/112, சிறுநீரில் புரதம் 3+, குளுக்கோசு 5.4 மில்லிமோல்/லீற்றர். முன்பு வலிப்பு வந்ததில்லை.

மீண்டும் வலிப்பு வராமல் தடுக்கக் கொடுக்க வேண்டிய மிகச் சிறந்த மருந்து எது?

அ) டயசெபாம்
ஆ) பெனிட்டோயின்
இ) லபெட்டலோல்
ஈ) சோடியம் வல்புரோயேட்
உ) மக்னீசியம் சல்பேட்

கேள்வி 4

கந்தளாய்ப் பக்கம் வயல் வேலை செய்யும் 45 வயது ஆண், காலில் வெடிப்புகளோடு இரண்டு வாரம் சேற்றில் நின்றிருக்கிறார். 5 நாளாகக் காய்ச்சல். "கெண்டைக்காலத் தொடவே விடமாட்டன், அவ்வளவு நோ" என்கிறார். கண்கள் சிவந்தும் மஞ்சளாகவும் இருக்கின்றன, பீளை இல்லை. உடலில் எங்கும் கருகிய புண்ணோ வீங்கிய நிணநீர்க் கட்டியோ இல்லை. சிறுநீர் குறைந்திருக்கிறது. வெண்குருதிக் கலங்கள் 14,800 (நியூட்ரோபில் 86%), குருதிச் சிறுதட்டுகள் 62,000, கிரியேட்டினின் 240 மைக்ரோமோல்/லீற்றர், பொற்றாசியம் 3.1 மில்லிமோல்/லீற்றர், பிலிரூபின் 96 மைக்ரோமோல்/லீற்றர், ஏ.எல்.ரி. 88. வெளிநாடு சென்றதில்லை.

மிகவும் சாத்தியமான நோய் எது?

அ) எலிக்காய்ச்சல்
ஆ) டெங்குக் காய்ச்சல்
இ) மலேரியா
ஈ) ஸ்க்ரப் டைபஸ்
உ) ஹெப்படைட்டிஸ் ஏ

கேள்வி 5

திருகோணமலை நகரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமிக்கு டெங்கு உறுதியாகியுள்ளது. இன்று 5ஆம் நாள். "காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர், ஆனா பிள்ளை சோர்ந்து போய்க் கிடக்குது" என்கிறார் தாய். காலையிலிருந்து வயிற்றுவலி, ஒரு முறை வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. வெப்பநிலை 36.9 பாகை. கை, கால் குளிர்ந்துள்ளன. நாடித்துடிப்பு 128, இரத்த அழுத்தம் 100/82. வலப்பக்க நெஞ்சின் அடியில் மூச்சொலி குறைவு. ஹீமற்றோகிரிட் நேற்று 36%, இன்று 45%.

இந்தச் சிறுமியின் தற்போதைய நிலைக்கு மிகவும் சாத்தியமான காரணம் எது?

அ) இரைப்பை, குடலில் உள் இரத்தப்போக்கு
ஆ) இதயத் தசை அழற்சி
இ) வாந்தியால் நீரிழப்பு
ஈ) இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிதல்
உ) பக்டீரியாத் தொற்று அதிர்ச்சி

*இங்கே நிறுத்துங்கள். விடைகளை எழுதி முடித்தவர்கள் மட்டும் பக்கத்தைப் புரட்டவும்.*

விடைகளும் விளக்கமும்

1: இ. தரையில் படுக்கை, நள்ளிரவு, நோவில்லாத கடி, வயிற்றுவலி, பிறகு தொங்கும் இமை. கட்டுவிரியன் கடி அப்படித்தான் வரும். பலர் ஆ என்று எழுதியிருப்பீர்கள், அதில் நியாயமும் உண்டு: இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தாலும் இமை தொங்கலாம். ஆனால் அது கடித்த இடம் வீங்கும், இரத்தம் உறையாது. அதனால்தான் உறைவுச் சோதனையைக் கதைக்குள் வைத்தேன். முதலில் எழுதியபோது அந்த வரியை விட்டுவிட்டேன். அப்போது இரண்டு விடைகளுக்கும் கதை இடம் கொடுத்தது, அதற்கு நான் மாணவரைக் குறைசொல்ல முடியாது. நாகம் கடித்தால் கடிவாயில் வீக்கமும் நோவும் மிஞ்சி நிற்கும், சுருட்டை விரியனில் உறைவுக் கோளாறு முன்னுக்கு வரும், கடற்பாம்பு வயல் குடிலுக்கு வராது.

இவரை வாட்டில் கண்டால் இமையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கழுத்தைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சேதப்படுத்துவதால், வந்துவிட்ட செயலிழப்பை விஷமுறிவு மருந்து திருப்பித் தராது. சுவாச இயந்திரம் வேளைக்குக் கிடைத்தால் ஆள் பிழைப்பார்.

2: ஆ. 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு. அங்கே சுவாசித்த நைதரசன் திசுக்களில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் குமிழிகளாக வெளியேறுகிறது. இவருக்கு அது முண்ணாணைத் தாக்கியிருக்கிறது. 100% ஒட்சிசன் கொடுத்தால் நைதரசன் விரைவாக வெளியேறும், பாதிக்கப்பட்ட திசுவுக்கு ஒட்சிசனும் போகும்.

இ-யைத் திட்டமிட்டே வைத்தேன். "திரும்ப இறக்கினால் சரியாகும்" என்ற பேச்சு சுழியோடிகளிடம் உண்டு. அதில் அழுத்தம் பற்றிய உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கால் விளங்காத மனிதனைத் தண்ணீருக்குள் இறக்குவது அவரை மூழ்கடிக்கும் வேலை. கரையில் இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லத் தெரிந்த டொக்டராக வாருங்கள். மற்ற மூன்றும் குமிழியைக் குறைக்கும் சிகிச்சைகள் அல்ல.

3: உ. கர்ப்பகால வலிப்பில் மீண்டும் வராமல் தடுப்பதில் டயசெபாமையும் பெனிட்டோயினையும்விட மக்னீசியம் சல்பேட் மேல். தொடக்க அளவு 4 கிராம், நாளம் வழியாக மெதுவாக. கொடுக்கும்போது முழங்கால் அனிச்சை, சுவாச வேகம், சிறுநீர் அளவு மூன்றையும் பாருங்கள். கல்சியம் குளுக்கோனேட் கட்டிலருகே இருக்கட்டும். லபெட்டலோல் எழுதியவர்கள் கேட்ட வரியைத் திரும்ப வாசிக்கவும். அந்தப் பெண்ணுக்கு அதுவும் தேவைதான், ஆனால் நான் கேட்டது வலிப்பைப் பற்றி. மாணவனாக இருந்தபோது இதே பிழையை நானும் விட்டேன்.

4: அ. டெங்கில் வெண்குருதிக் கலங்கள் பொதுவாகக் குறையும், இவருக்குக் கூடியிருக்கிறது. ஹெப்படைட்டிஸில் ஏ.எல்.ரி. பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் ஏறும், இங்கே அது சற்றே ஏற, பிலிரூபின்தான் மிகவும் ஏறி நிற்கிறது. சிறுநீரகம் பாதித்தும் பொற்றாசியம் குறைந்திருப்பது எலிக்காய்ச்சலின் அடையாளம். இலங்கைக்குள் மலேரியா தொற்றுவது 2012க்குப் பிறகு மிக மிக அரிது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதற்காகத்தான் வெளிநாட்டுப் பயணத்தைக் கதையில் சொன்னேன். ஸ்க்ரப் டைபஸ்தான் கொஞ்சம் கிட்ட வருகிறது; கருகிய புண் இல்லை என்பதால் மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. கெண்டைக்கால் நோ, மஞ்சள், சிறுநீரகம், பொற்றாசியம் எல்லாம் சேர்ந்துதான் தள்ளுகின்றன. இரத்தச் சோதனை முடிவு வரும்வரை அன்ரிபயோட்டிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

5: ஈ. காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வரும் வேளையில்தான் டெங்கின் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. தாய் சொன்ன முதல் பாதியைக் கேட்டுவிட்டு "நல்லது அம்மா" என்று அடுத்த கட்டிலுக்குப் போகிறவர் இந்தப் பிள்ளையைத் தவறவிடுவார். இரண்டாம் பாதியில்தான் நோய் இருக்கிறது.

இரத்த அழுத்தம் 100/82. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் சாதாரணம். இரண்டுக்கும் இடைவெளி 18. டெங்குப் பிள்ளையில் அது 20 அல்லது அதற்குக் குறைவென்றால் அதிர்ச்சி நிலை. ஹீமற்றோகிரிட் 36இலிருந்து 45க்கு, அதாவது கால்பங்கு ஏறியிருக்கிறது. 20% ஏற்றமே கசிவைக் காட்டப் போதும். வலப்பக்க மூச்சொலி குறைந்தது கசிந்த திரவம் நுரையீரலைச் சுற்றித் தேங்குவதால். உள் இரத்தப்போக்கென்றால் ஹீமற்றோகிரிட் இறங்கியிருக்கும். ஒரு வாந்தி இந்த அளவுக்கு ஏற்றாது, நெஞ்சில் திரவத்தையும் சேர்க்காது. இதயத் தசை அழற்சியும் தொற்று அதிர்ச்சியும் கைகளைக் குளிரவைக்கலாம், ஹீமற்றோகிரிட்டின் இந்த ஏற்றத்தை அவற்றால் விளக்க முடியாது.

சேலைன் கிலோவுக்கு 10 மி.லி., ஒரு மணி நேரத்தில், பிறகு திரும்பப் பார்த்து முடிவு. கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அது நின்றபின் திரவம் திரும்ப இரத்தத்துக்குள் வரும் என்பதால் அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதும் ஆபத்து.

அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதிக் கொண்டுவாருங்கள். நீங்களே பார்த்த நோயாளியாக இருக்கட்டும், பெயரும் அடையாளமும் வேண்டாம். அவர் சொன்ன ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் வையுங்கள்.