பொருள்: சேமிப்புக் கணக்கில் பிழையாகப் பதிந்துள்ள என் பெயரைத் திருத்தித் தர வேண்டி – கணக்கு எண் முடிவு 4471

நாள்: 13 அக்டோபர் 2025
பெறுநர்: கிளை மேலாளர், கொடைக்கானல் கிளை

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் கொடைக்கானல் வட்டம் பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிர் செய்யும் விவசாயி. 2004ஆம் ஆண்டு முதல் உங்கள் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. பாதுகாப்புக்காகக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் மேலே எழுதியிருக்கிறேன். கணக்கில் பதிந்துள்ள மின்னஞ்சல் முகவரியிலிருந்தே இதை அனுப்புகிறேன்.

கணக்கில் என் பெயர் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது.

இப்போது இருப்பது: R KUZHANTHAIBEL
இருக்க வேண்டியது: R KUZHANTHAIVEL

V வர வேண்டிய இடத்தில் B விழுந்திருக்கிறது. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் என்பதால் தட்டச்சில் கை தவறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கணக்கு தொடங்கியபோது கொடுத்த பாஸ்புத்தகம் கையால் எழுதியது. அதில் பெயர் சரியாக இருக்கிறது. பிறகு அச்சடித்த புத்தகம் வந்தபோதுதான் இந்தப் பிழை சேர்ந்திருக்கிறது. இரண்டு புத்தகங்களின் முதல் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இத்தனை வருடம் இல்லாத அவசரம் இப்போது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். முன்பெல்லாம் நெஃப்டில் பணம் அனுப்பினால் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைத்துவிடுவார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் வந்து சேர்ந்தது. இந்த ஏப்ரலிலிருந்து நிலைமை வேறு. பணம் அனுப்புகிறவர் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் போட்டவுடன், வங்கியில் பதிந்திருக்கும் பெயரை அவருக்குத் திரையில் காட்டும் வசதியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்துவிட்டது. தவறான ஆளுக்குப் பணம் போகாமல் தடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் என் விஷயத்தில், அந்தத் திரையில் வருவது என் பெயர் இல்லை.

வடுகபட்டிச் சந்தையில் எனக்கு வழக்கமாகப் பூண்டு எடுக்கும் வியாபாரி போன மாதம் 87,400 ரூபாய் அனுப்ப முயன்றிருக்கிறார். திரையில் வேறு பெயர் வரவும் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். "அண்ணே, இது உங்க கணக்குத்தானா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் நிறுத்து என்றுதானே எல்லாருக்கும் சொல்கிறார்கள்? கடைசியில் நானே போய்ப் பணமாக வாங்கிவர வேண்டியதாயிற்று. அவ்வளவு ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் இருட்டில் பஸ் ஏறி வருவது எனக்கும் என் வீட்டாருக்கும் நிம்மதியான காரியம் இல்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, என்னை முன்பின் பார்க்காதவர்களும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் கேட்டுப் பணம் போடுகிறார்கள். தெரிந்த வியாபாரியே தயங்கினார் என்றால் இவர்கள் தயங்காமல் இருப்பார்களா? இப்போது அறுவடை நடக்கிறது. இன்னும் சில நாளில் சரக்கு இறங்க ஆரம்பித்துவிடும்.

இதைத் திருத்தித் தரும்படி கிளையில் நேரில் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், "பெயர் மாற்றம் என்றால் அரசிதழில் வெளியிட்டுக் கொண்டுவர வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உங்களுக்கு நேராக எழுதுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஐயா, நான் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பிறந்தது முதல் எனக்கு ஒரே பெயர். அரசிதழ் அறிவிப்போ திருமணச் சான்றிதழோ, அடையாள ஆவணம் வாங்கிய பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்காக கே.ஒய்.சி. விதிகளில் சொல்லியிருப்பது. என் ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் ஒரே எழுத்தில் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆவணம் சரியாக இருந்து வங்கிப் பதிவு மட்டும் தவறாக இருந்தால், அந்த ஆவணத்தைப் பார்த்துப் பதிவைத் திருத்தினாலே போதும் அல்லவா?

செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. KUZHANTHAIBEL என்ற பெயரை KUZHANTHAIVEL என்று மாற்றிக்கொண்டேன் என நான் அரசிதழில் அறிவித்தால், ஒரு காலத்தில் என் பெயர் வேறாக இருந்தது என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அது உண்மை இல்லை. நாளைக்குப் பட்டாவிலோ என் பிள்ளைகளின் சான்றிதழிலோ அதைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால், இல்லாத ஒரு பெயருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் சாமியின் பெயரை என் தகப்பனார் ஆசையாக எனக்கு வைத்தார். அதை நான் மாற்றிக்கொண்டதாக ஒரு காகிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பான் அட்டையைப் பற்றி ஒரு விளக்கம். அதில் RAMASAMY KUZHANTHAIVEL என்று தலைப்பெழுத்தை விரித்து எழுதியிருக்கிறார்கள். பான் அட்டையில் அப்படித்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். என் தகப்பனார் பெயர் ராமசாமி என்பது வாக்காளர் அட்டையில் இருக்கிறது. கணக்கில் ஆதாரில் உள்ளபடி R KUZHANTHAIVEL என்றே, தலைப்பெழுத்து முன்னால் வரும்படி பதிந்து தாருங்கள். விரிவாக்கமோ முன்பின் மாற்றமோ செய்தால் மறுபடியும் எங்காவது பொருந்தாமல் போகும்.

திருத்தும்போது பாஸ்புத்தகத்தில் மட்டும் மாற்றாமல், என் வாடிக்கையாளர் எண்ணிலேயே, அதாவது சி.ஐ.எஃப். பதிவிலேயே மாற்றித் தர வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிவில் மாறினால்தான் பணம் அனுப்புகிறவர் திரையில் சரியான பெயர் வரும். அதே எண்ணின் கீழ் உங்கள் கிளையில் எனக்கு விவசாய நகைக்கடனும் இருக்கிறது. நகைக்கடன் ரசீதிலும் பிழையான பெயரே இருக்கிறது. கணக்கில் பெயர் மாறிய பிறகு, நகையை மீட்க வரும்போது ரசீதில் வேறு பெயர் இருக்கிறதே என்ற பேச்சு வரக் கூடாது. என் மனைவியின் சங்கிலியும் வளையலும் அதில் இருக்கின்றன. பெயர் திருத்தப்பட்டது என்று ரசீதில் ஒரு குறிப்பு எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் குழந்தைவேல் என்ற பெயர் அநேகம். உங்கள் கிளையிலேயே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருப்பார்கள். பெயரைத் திருத்தியவுடன் கணினி இன்னொரு R KUZHANTHAIVEL-ஐக் காட்டி, இருவரும் ஒருவரா என்று கேட்டாலும் கேட்கும். தயவுசெய்து பிறந்த தேதியையும் பான் எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகே மேற்கொண்டு செய்யச் சொல்லுங்கள். இரண்டு பேர் கணக்கு ஒன்றாகிவிட்டால் பிரிப்பது இதைவிடப் பெரிய வேலை.

கணக்கு என்னுடையதுதானா என்பதில் சந்தேகம் வேண்டாம். பி.எம். கிசான் தவணை 2000 ரூபாய் ஆதார் எண் வழியாக இதே கணக்குக்குத்தான் வருகிறது. என் கைபேசி எண்ணும் இதில்தான் பதிந்திருக்கிறது. கையெழுத்தைத் தமிழில்தான் போடுவேன். அதில் எந்த மாற்றமும் இல்லை. உரக்கடைக்கு நான் கொடுத்த காசோலை ஒன்று இன்னும் வங்கிக்கு வரவில்லை. பழைய பெயர் அச்சடித்த தாள் என்பதற்காக அது திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரிசு நியமனத்தில் என் மனைவி செல்வியின் பெயர் இருக்கிறது, அது அப்படியே தொடர வேண்டும். ஏ.டி.எம். அட்டையை இப்போது மாற்றித் தரச் சொல்லவில்லை. காலாவதியாகிப் புதிது வரும்போது சரியான பெயரில் வந்தால் போதும். காசோலைப் புத்தகம் மட்டும் புதிதாக ஒன்று தேவைப்படும்.

இந்த மின்னஞ்சலுடன் ஆதார், பான், வாக்காளர் அட்டை, சிட்டா, பழைய பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், இப்போதைய பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களையும், நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தையும் இணைத்திருக்கிறேன். ஆதாரில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த நகல் அது. அசல் எல்லாவற்றையும் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். விரல் ரேகை வைக்க வேண்டும் என்றாலும் வைக்கிறேன். உங்கள் வங்கியின் படிவத்தில்தான் எழுத வேண்டும் என்றால் அந்தப் படிவத்தை அனுப்பிவையுங்கள், நிரப்பி எடுத்து வருகிறேன்.

ஒரு வேண்டுகோள். நான் வர வேண்டிய நாளையும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும், இன்னும் ஏதாவது காகிதம் தேவை என்றால் அதையும் முன்கூட்டியே இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதிவிடுங்கள். பூம்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்து போனால் ஒரு நாள் காட்டு வேலை நின்றுவிடும். அறுவடை நேரத்தில் ஆள் கிடைப்பதும் சிரமம். ஒரே வருகையில் முடியும்படி நீங்கள் ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணையும் பதிலில் குறிப்பிடுங்கள்.

அரசிதழ் கட்டாயம் வேண்டும் என்பது உங்கள் வங்கியின் விதியாகவே இருந்தால், எந்தச் சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொள்கிறேன். இல்லையென்றால், வரும் 20ஆம் தேதி தீபாவளி, அதற்குள் முடித்துத் தர முடியுமா என்று பாருங்கள். தீபாவளி முடிந்ததும் வியாபாரிகள் அடுத்த சரக்குக்குப் பணம் போடுவார்கள்.

நன்றி ஐயா.

இப்படிக்கு,
ரா. குழந்தைவேல்
(R KUZHANTHAIVEL)
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்
கணக்கில் பதிந்துள்ள கைபேசி எண்ணிலேயே பேசலாம். பகலில் காட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, மாலை 5 மணிக்கு மேல் கட்டாயம் எடுப்பேன்.