விளம்பரம் வழியாக வந்த வாடிக்கையாளர்கள்: கோஹார்ட் அறிக்கை, ஜனவரி–மார்ச் 2025

விளம்பரக் குழுவுக்கும் பேக்கிங் பிரிவுக்கும்,

இன்ஸ்டாகிராமில் ஓடும் ரூ.99 ட்ரையல் எண்ணெய் பாட்டில் விளம்பரத்துக்குப் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கலாம் என்று போன வாரம் பேசினோம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.

முதல் பார்சல் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் கைக்குப் போய்ச் சேர்ந்த புது வாடிக்கையாளர்கள் 1,840 பேர்; இவர்கள்தான் இந்தக் கோஹார்ட். ஒவ்வொருவரையும் அவரவர் பார்சல் கிடைத்த நாளிலிருந்து 90 நாள் பார்த்திருக்கிறேன். வாங்காமலே திரும்பி வந்த சிஓடி பார்சல்கள் இதில் இல்லை. காசே வாங்காத ஆர்டரை ரீஃபண்டில் சேர்த்தால் கணக்கு குழம்பிவிடும்.

| வந்த வழி | பேர் | 90 நாளில் மறுபடி வாங்கியவர்கள் | முதல் ஆர்டரில் ரீஃபண்ட் |
|---|---|---|---|
| இன்ஸ்டாகிராம் ட்ரையல் (200 மில்லி) | 960 | 115 (12.0%) | 67 (7.0%) |
| கூகுள் தேடல் | 410 | 139 (33.9%) | 12 (2.9%) |
| யூடியூப் சமையல் சேனல் கூப்பன் | 290 | 113 (39.0%) | 9 (3.1%) |
| ரீடார்கெட்டிங் | 180 | 45 (25.0%) | 9 (5.0%) |

நம் டாஷ்போர்டு இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது 30 நாள் ரிபீட் மட்டும்தான் காட்டும். 30 நாளில் பார்த்தால் ட்ரையல் 9.6%, கூகுளும் யூடியூபும் தலா 5.9%. ட்ரையல்தான் ஜெயிக்கிற மாதிரி இருக்கும். காரணம் எண்ணெயின் அளவு. 200 மில்லி ஒரு வீட்டில் இரண்டு வாரம் கூட வராது. பிடித்தவர்கள் உடனே வாங்கிவிடுகிறார்கள். மறுபடி வாங்கிய 115 பேரில் 92 பேர் முதல் மாதத்திலேயே வந்தவர்கள். அதற்கு மேல் யாரும் பெரிதாக வரவில்லை. யூடியூப் பார்த்து வருபவர் எடுப்பது ஒரு லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ. அது தீர்ந்தால்தானே அடுத்த பாட்டில்? அவர்களில் மறுபடி வாங்கிய 113 பேரில் பாதிப் பேருக்கு மேல் 40 நாள் தாண்டித்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். பாட்டில் காலியாகும் முன்பே நாம் மார்க் போட்டுவிட்டோம்.

செலவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். புது ஆள் ஒருவரைக் கொண்டுவர ட்ரையலுக்கு ரூ.140, கூகுளுக்கு ரூ.260, யூடியூபுக்கு ரூ.310. ஆனால் மறுபடி வாங்கும் ஆள் ஒருவருக்கு என்று வகுத்தால் ட்ரையல் ரூ.1,169, கூகுள் ரூ.767, யூடியூப் ரூ.796.

அடுத்தது ரீஃபண்ட். 7% என்பதைப் பார்த்ததும் "ஆஃபருக்கு வருகிற கூட்டம் அப்படித்தான்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது, தப்பு. மாதம் மாதமாகப் பிரித்தால் ஜனவரியில் 300 பேருக்கு 9, பிப்ரவரியில் 340 பேருக்கு 11, மார்ச்சில் 320 பேருக்கு 47. ஒரே விளம்பரம், ஒரே விலை. மார்ச்சில் மட்டும் எப்படி எகிறும்? அந்த 47 புகாரையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 36 பேர் எழுதியிருந்தது ஒரே விஷயம்: எண்ணெய் ஒழுகி அட்டைப்பெட்டி ஊறிப்போய் வந்தது. ஓசூரிலிருந்து ஒரு அம்மா அனுப்பிய போட்டோவில் பில்லே பாட்டிலோடு ஒட்டிக் கிடந்தது.

பேக்கிங்கில் கேட்டேன். 200 மில்லிக்கு மட்டும் மார்ச் முதல் வாரம் புது மூடி வந்திருக்கிறது. பழைய மூடி, புது மூடி இரண்டையும் போட்டு, பாட்டில்களைச் செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்கப் படுக்க வைத்தோம். காலையில் பழையதன் கீழே தாள் காய்ந்து இருந்தது. புதியதன் கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. உள்ளே இருக்கும் வாஷர் மெலிசு. அந்த 36-ஐ எடுத்துவிட்டால் ட்ரையலின் ரீஃபண்ட் 3.2%தான், கிட்டத்தட்ட கூகுள், யூடியூப் அளவுதான். அந்த வாடிக்கையாளர்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை.

ஆனால் மூடியைச் சரிசெய்தாலே ரிபீட் ஏறிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒழுகல் இல்லாத ஜனவரி, பிப்ரவரியிலும் 640 பேரில் 86 பேர்தான் திரும்பி வந்தார்கள், 13.4%.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வீடியோ பார்த்துவிட்டு நம் கடைப் பெயரைத் தேடி வருபவர் கூகுள் கணக்கில் விழுகிறார். அதனால் அந்த இரண்டில் எது மேல் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சேர்த்தே பார்க்கலாம், 700-க்கு 252, 36%. ரீடார்கெட்டிங் என்பது ஏற்கெனவே வேறு வழியில் கடைக்குள் வந்துபோனவருக்கு மறுபடி காட்டும் விளம்பரம். அதனால் அதன் செலவை மற்ற வழிகளோடு ஒப்பிட முடியாது.

நான் கேட்பது: புது மூடி லாட்டை இன்றே நிறுத்துங்கள். ஒழுகிய 36 பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், சரி; அவர்களுக்குப் பழைய மூடி போட்ட பாட்டில் ஒன்றை இலவசமாக அனுப்புவோம். அவர்கள் நம் எண்ணெயை இன்னும் வாயில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ட்ரையல் பட்ஜெட் இருக்கிறபடியே இருக்கட்டும். கூடுதலாக ஒதுக்கிய தொகை சமையல் சேனல்களுக்குப் போகட்டும். டாஷ்போர்டில் 30 நாள் கட்டத்துக்குப் பக்கத்தில் 90 நாள் கட்டத்தை நான் சேர்த்துவிடுகிறேன். ஏப்ரல்–ஜூன் கோஹார்ட்டின் 90 நாள் செப்டம்பர் கடைசியில் முடியும். அக்டோபர் முதல் வாரம் அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.