பி.பி. நம்பர்

எழுதி வைத்திருந்த காகிதம் பேன்ட் பையோடு சோப்புத் தண்ணீரில் ஊறிப்போன அன்றைக்குத்தான் அந்த நம்பரை மனப்பாடம் செய்தேன். சிங்கப்பூர் வந்து மூன்றாவது வாரம். காகிதத்தில் மிச்சமிருந்தது நீல மை பரவிய ஒரு கறை மட்டும். நல்லவேளை, அதற்குள் இரண்டு தடவை பேசியிருந்ததால் விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. குளியலறைச் சுவரில் ஈர விரலால் எழுதி எழுதிப் பார்த்துச் சரியாக்கினேன்.

இந்தியாவுக்கு 91, அறந்தாங்கிக்கு 4371. அதற்கப்புறம் ஐந்தே இலக்கம். முதல் இரண்டும் தாத்தா செத்தபோது அவருக்கு இருந்த வயது, நடுவில் ஒரு சைபர், கடைசி இரண்டும் எங்கள் ஊருக்கு வருகிற டவுன் பஸ்ஸின் நம்பர். இப்படிப் பிரித்துப் போட்ட பிறகு மறக்கவே இல்லை. ஒன்றிரண்டு வருடம் கழித்து ஊரில் எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள். அது தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

அது எங்கள் வீட்டு நம்பர் இல்லை. பக்கத்து வீட்டுத் தெய்வானை அயித்தை வீட்டு நம்பர். அந்தக் காலக் கல்யாணப் பத்திரிகையில் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருப்பார்களே, அந்த வகை. எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் போன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி.

2001-இல் எனக்கு ஒரு நாள் சம்பளம் பதினெட்டு வெள்ளி. யார்டில் கப்பல் இரும்பைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லாவிட்டால் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு தேக்காவுக்குக் கிளம்பிவிடுவேன். ஒன்றேகால் மணி நேரப் பயணம். வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, ஒரு சாப்பாடு, அப்புறம் போன் கார்டு. காசால் மெதுவாகச் சுரண்ட வேண்டும், அழுத்தினால் இலக்கமும் சேர்ந்து போய்விடும். சுரண்டிய சாம்பல் தூளை ஊதிவிட்டு, வரிசையில் நிற்க வேண்டியது. எனக்கு முன்னால் எப்படியும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கத்துவார்கள்: "காசு வந்துச்சா?"

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. சிங்கப்பூர் மணி ஆறு என்றால் ஊரில் மூன்றரை. சரியாக அந்த நேரத்துக்கு ரெண்டு மணி அடித்து நிறுத்திவிடுவேன். எடுக்காத போனுக்குக் கார்டில் காசு போகாது. ரெண்டு மணி கேட்டால் அது நான் என்று அம்மாவுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கமே அந்தச் சத்தம் கேட்கும். கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டால், "அப்பு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பேசும்.

பேச்சு என்ன பெரிய பேச்சு! சாப்பிட்டாயா, உடம்புக்கு எப்படி, ஆடு குட்டி போட்டிருக்கு, வட்டி கட்டியாச்சு. அயித்தை வீட்டுக் கூடத்தில் டிவி ஓட, அவர்கள் ஆள் பூராவும் உட்கார்ந்திருக்க, அதற்கு மேல் என்னத்தைப் பேச முடியும்? ஏஜென்டுக்குக் கொடுக்க வயலை அடமானம் வைத்த கதையை ஊரே அறிந்திருந்தாலும், அம்மா கடன் என்ற சொல்லை அந்தக் கூடத்தில் சொன்னதே இல்லை. 'அந்தக் காரியம்' என்றுதான் சொல்லும்.

மறு வருடம் பொங்கல் கழிந்து அம்மா வரவில்லை. போனை எடுத்தது அயித்தை.

"அம்மா கோயிலுக்குப் போயிருக்குப்பு."

அடுத்த வாரம் ரேஷன் கடை. அதற்கடுத்த வாரம் துக்க வீடு. ஞாயிற்றுக்கிழமை சரியாக மூன்றரை மணிக்குத்தானா இந்த வேலையெல்லாம் வரும்? எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அயித்தை சொல்கிற விவரமெல்லாம் சுத்தமாக இருந்தது. அம்மா என்ன குழம்பு வைத்தது, எந்த ஆட்டை விற்றது, கால் வலிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறது, ஒன்று விடாமல் சொன்னது.

இன்னொன்று, அயித்தை கத்த ஆரம்பித்திருந்தது. முன்பெல்லாம் மெல்லப் பேசுகிற மனுஷி. இப்போது வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறவனுக்கே கேட்கும். நான் சொல்வதை வேறு திருப்பிச் சொல்லும்.

"என்னது, காய்ச்சல் விட்டுருச்சா? விட்டுருச்சாம்ல! கஞ்சி குடிச்சியா? குடிச்சானாம்!"

பின்னால் டிவி சத்தமும் இல்லை. கோழி கொக்கரிப்பதுதான் கேட்டது.

சித்திரையில் முருகேசன் பெர்மிட் கிடைத்து வந்து சேர்ந்தான். எங்கள் தெருக்காரன். அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயைத் தேக்காவில் வைத்துக் கையில் கொடுத்தான். நியூஸ்பேப்பர் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் சுற்றி, அதற்கு மேல் அம்மாவின் பழைய சேலைக் கிழிசல். பிரிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. கிழிசலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"உனக்குத் தெரியாதா? உங்க அம்மாவும் அயித்தையும் மூஞ்சியக்கூடப் பாக்குறதில்ல" என்றான் அவன். பொங்கலுக்கு வேலி கட்டும்போது அயித்தை வீட்டு ஆள் ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டானாம். அம்மா பிடுங்கி எறிந்ததாம். ரெண்டு பேரும் நடுத்தெருவில் நின்று பேசியதை அவன் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியில் அம்மா, "உன் வீட்டு வாசப்படிய மிதிச்சா நான் இன்னாருக்குப் பொறக்கல" என்று மண்ணை வாரி விட்டதாம். அம்மா அப்படிச் சொல்லக்கூடியதுதான். சொன்னால் மிதிக்கவும் மிதிக்காது.

அந்த ஞாயிறும் ரெண்டு மணி அடித்து வைத்தேன். வரிசையில் மறுபடி நின்றேன். என் முறை வந்தபோது பத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. முதல் மணியிலேயே அயித்தை எடுத்துவிட்டது.

"என்னப்பு, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் அயித்தை. முருகேசன் வந்துட்டான்."

"முருகேசன் வந்து சேந்துட்டானாம்!"

"ஊறுகாய் குடுத்தான்."

"ஊறுகா குடுத்தானாம்! கெடாம இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஏன் அயித்தை இப்பிடிக் கத்துறீங்க? எனக்கு நல்லாத்தான் கேக்குது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கோழி மட்டும் கேட்டது. அப்புறம், கொல்லைப்புறம் வரைக்கும் வயர் இழுத்துப் போனை ஜன்னலில் வைத்த கதையைச் சொல்லாமல், தன் பழைய குரலில் அயித்தை சொன்னது.

"ஒனக்குக் கேட்டாப் போதுமாப்பு?"

எனக்குத் தொண்டை அடைத்தது. பின்னால் நின்றவன் தோளைத் தட்டி மணியைக் காட்டினான். நான் திரும்பாமல், "ஆயிரத்தைந்நூறு கூடப் போட்டிருந்தேன். அந்தக் காரியத்துக்கு. வந்துச்சான்னு தெரியணும்" என்றேன்.

"ஆயிரத்தஞ்ஞூறு கூடப் போட்டானாம்! வந்துச்சான்னு கேக்குறான்!" ஜன்னலுக்கு வெளியே கத்திவிட்டு, உடனே சேர்த்துக்கொண்டது: "நான் யாருகிட்டயும் கேக்கல. சும்மா சொல்லிப் பாக்குறேன்."

பதில் வரவில்லை. கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது. பிறகு தூரத்தில், எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கரண்டியால் தட்டுகிற மாதிரி, டங், டங் என்று ரெண்டு சத்தம்.

"வந்துருச்சாம்" என்றது அயித்தை.

கார்டில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசித்தேன்.